தீப்பெட்டி உறையும் 2,400 சதுரடியும்

*ஐயா, திருச்சி புறநகரில் ஒரு பஞ்சாயத்து எல்லைக்குள் எனக்கு ஒரு காலிமனை இருக்கிறது. 2008-இல் என் கணவர் வாங்கினார். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு. பத்திரத்தில் வடபுறம் 36 அடி, தென்புறம் 44 அடி, கீழ்புறமும் மேல்புறமும் தலா 60 அடி, ஆக 2,400 சதுரடி என்று இருக்கிறது. வடக்கே 23 அடிப் பாதை. பட்டா இன்னும் எங்கள் பெயரில் தனியாக இல்லை. சாலையோரம் இரண்டு கல் இருக்கின்றன. பின்பக்கம் கல் இல்லை. மேற்கு மனைக்காரர் கட்டிய சுவரின் முனையும், கிழக்கே ஒரு வேப்பமரமும்தான் அடையாளம். என் தம்பி மகன் டேப் பிடித்து அளந்தான். நான்கு பக்கமும் பத்திரப்படி சரியாக வருகிறது. வடகிழக்கு மூலையிலிருந்து தென்மேற்கு மூலைக்கு 64 அடி என்றும் ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறான். அது எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.*

*ஒரு தரகர் சதுரடி 1,200 ரூபாய்க்கு விற்றுத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் 700-க்கு மேல் போகாது என்கிறார். அதே மனைப்பிரிவில் போன வருடம் ஒரு சதுர மனை 900-க்குப் போனதாகக் கேள்வி. ஆறேழு மாதத்தில் விற்க வேண்டும். என்ன விலை சொல்வது, விளம்பரத்தில் என்ன எழுதுவது, எதை எழுதாமல் விடுவது?*

*— வாசகி, திருச்சி*

உங்கள் கடிதத்திலேயே மிக மதிப்புள்ள எண் அந்த 64 தான் அம்மா. உங்கள் தம்பி மகனுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். விலையைப் பற்றி இரண்டு தரகர்களும் சொன்னதைவிட அந்த ஒரு அளவு அதிகம் சொல்கிறது.

ஒரு காலித் தீப்பெட்டியின் மேலுறையை எடுத்து நிமிர்த்திப் பிடியுங்கள். இப்போது அதை ஒரு பக்கமாக இலேசாகச் சாயுங்கள். நான்கு பக்கங்களின் நீளமும் மாறவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் இடம் குறைந்துவிட்டது. முழுக்கச் சாய்த்தால் உறை தட்டையாகி இடமே இல்லாமல் போய்விடும். மனையும் அப்படித்தான். நான்கு பக்க அளவு மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனையின் பரப்பைச் சொல்ல முடியாது. ஒரு மூலைவிட்டமாவது வேண்டும். நம் ஊர்ப் பத்திரங்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்கி எழுதிவிடுவார்கள். உங்கள் பத்திரத்திலும் அதுதான் நடந்திருக்கிறது: 36-க்கும் 44-க்கும் சராசரி 40, அதை 60-ஆல் பெருக்கினால் 2,400.

64-ஐ வைத்து நாம் கணக்குப் போடுவோம். அந்த மூலைவிட்டம் மனையை இரண்டு முக்கோணங்களாக வெட்டுகிறது. வடமேற்கு மூலையில் இருப்பதன் பக்கங்கள் 36, 60, 64. மூன்றையும் கூட்டிப் பாதியாக்கினால் 80. அந்த 80-இலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 44, 20, 16. இந்த மூன்றையும் 80-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1,061 சதுரடி. தென்கிழக்கு முக்கோணத்தின் பக்கங்கள் 44, 60, 64. அதே வழியில் அது 1,270 சதுரடி. மொத்தம் 2,331. பத்திரத்தைவிட 69 சதுரடி குறைவு. மனை சாயாமல் இருபுறமும் ஒரே அளவு விரிந்திருந்தால் மூலைவிட்டம் ஏறக்குறைய 72 அடி வந்திருக்கும். பரப்பும் 2,395-ஐத் தொட்டிருக்கும். 72-க்கும் 64-க்கும் இடையிலுள்ள 8 அடிதான் உங்கள் மனை கிழக்கே எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டுகிறது.

69 சதுரடி போனதைவிடச் சாய்வுதான் விலையை அதிகம் தின்னும். சாலைக்கு நேராக ஒரு செவ்வக வீட்டை முன்னிருந்து பின்வரை வரைந்து பார்த்தேன். முகப்பு 36 அடி இருந்தும், செவ்வகத்துக்குக் கிடைக்கும் அகலம் 25 அடிதான். மேற்கே ஒரு முக்கோணமும் கிழக்கே ஒரு முக்கோணமும் வெளியே நின்றுவிடுகின்றன. அந்த 25-இலும் பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விட்டாக வேண்டும். பக்க எல்லைகளுக்கு இணையாக வீட்டைத் திருப்பிக் கட்டினால் அகலம் கிடைக்கும், ஆனால் வீடு சாலையைக் கோணலாகப் பார்க்கும். வாஸ்து பார்க்கிறவர் அதற்குச் சம்மதிக்க மாட்டார். பார்க்காதவர்கூட எதிர்வீட்டு வாசல் எங்கே வருகிறது என்று யோசிப்பார்.

வாஸ்து என்று சொன்னதால் ஒரு வார்த்தை. முன்புறம் குறுகிப் பின்புறம் அகன்ற மனையைக் கோமுகம் என்பார்கள். குடியிருக்க நல்லது என்று அதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. உங்களுடையது முன்னே 36, பின்னே 44. ஆகவே தரகர் உடனே 'கோமுக மனை' என்று விளம்பரம் போடச் சொல்வார். போடாதீர்கள். சாய்வு இருக்கும்போது அந்தச் சொல் அரைப் பொய். மனையைப் பார்க்க வருகிறவர் கூடவே ஒரு மேஸ்திரியைக் கூட்டி வருவார். அவர் மூலையில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்த நிமிடத்தில் உங்கள் மற்ற எல்லாச் சொல்லின் மீதும் சந்தேகம் விழுந்துவிடும்.

இப்போது உங்கள் தம்பி மகன் அளந்த முனைகளுக்கு வருவோம். முன்பக்கம் கல்லிலிருந்து அளந்திருக்கிறான், பின்பக்கம் சுவர் முனையிலிருந்தும் வேப்பமரத்திலிருந்தும். ஆகவே இந்தச் சாய்வுக்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கலாம். மனைப்பிரிவு போட்டபோதே எல்லா மனைகளையும் சாய்வாக வெட்டியிருக்கலாம். பழைய வயலின் வரப்பு சாய்வாக ஓடியிருந்தால், இடத்தை வீணாக்காமல் இருக்க வரப்பை ஒட்டியே வெட்டிவிடுவார்கள். அல்லது, மேற்கு மனைக்காரர் சுவர் கட்டும்போது பின்பக்கத்தில் உங்களுக்குள் வந்துவிட்டார். உங்கள் கணவர் சுவரை ஆதாரமாக வைத்துக்கொண்டு 44 அடி அளந்து வேப்பமரத்தை எல்லை என்று நினைத்துவிட்டார். இரண்டாவது உண்மையானால், நீங்கள் மேற்கே இழந்ததைக் கிழக்கே அடுத்தவர் மனையில் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதனால்தான் நான்கு பக்கமும் பத்திரப்படி சரியாக வருகிறது. ஒரு வரிசையில் முதல் சுவர் பிசகினால் கடைசி மனை வரை எல்லாரும் நகர்ந்துபோவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கடைசி மனைக்காரர் வீடு கட்ட வரும்போதுதான் சண்டை வெடிக்கும்.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் காசு செலவில்லாத வழி. சாலையில் நின்று உங்கள் வரிசையிலும் எதிர்வரிசையிலும் இருக்கும் பக்கச் சுவர்களைப் பாருங்கள். எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகச் சாய்ந்து போனால் மனைப்பிரிவே சாய்வு. உங்கள் மேற்குச் சுவர் மட்டும் சாய்ந்திருந்தால் விவகாரம் அங்கே. அடுத்தது, அரசின் eservices.tn.gov.in தளத்தில் உங்கள் புல எண்ணுக்கான புலப்படத்தை எடுங்கள். வயலின் வெளி எல்லைக் கோடுகளும் அவற்றின் மீட்டர் அளவுகளும் அதில் இருக்கும். மனை வாங்கும்போது கொடுத்த மனைப்பிரிவு வரைபடத்தோடு அதை ஒப்பிட்டால், வரப்பு சாய்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஆனால் இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. பலருக்கும் தெரியாத ஒன்று. சர்வேயரை அழைத்து வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். அரசு நில அளவர் அளந்து காட்டுவது வருவாய்த் துறைப் படத்தில் இருக்கும் கோட்டைத்தான். உங்கள் மனைக்குத் தனி உட்பிரிவு இல்லை, பட்டாவும் தனியாக இல்லை. அப்படியென்றால் படத்தில் உங்கள் மனைக்கு என்று ஒரு கோடே கிடையாது. அவர் முழு வயலின் எல்லையைக் காட்டிவிட்டுப் போவார். உள்ளே உங்கள் 36 அடி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல அவரிடம் ஆவணம் இல்லை. ஆகவே வரிசை இதுதான்: பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் மனைப்பிரிவு வரைபடத்தையும் வைத்து, உட்பிரிவோடு கூடிய பட்டா மாறுதலுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். மனை உங்கள் கணவர் பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றும் சேரும். நில அளவர் அதற்காக வரும்போதே பக்கத்து மனைக்காரர்களுக்கு நோட்டீஸ் போகும். சுவர் பிரச்சினை அங்கேயே மேலே வந்துவிடும். உட்பிரிவு விழுந்த பிறகு கல் மறுபடி காணாமல் போனாலும், எல்லைக்கோட்டை அளந்து காட்டும் எஃப் லைன் அளவைக்கு மனுப் போட்டு அதே இடத்தில் நட்டுவிடலாம்.

கல்லைப் பற்றி ஒரு சொந்தக் கதை. என் தொழிலின் தொடக்கத்தில் ஒரு மனைக்கு மதிப்பீடு எழுதினேன். நான்கு மூலையிலும் பளிச்சென்று வெள்ளையடித்த கல். அளந்தேன், பத்திரத்தோடு அங்குலம் பிசகாமல் பொருந்தியது, எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, பக்கத்து நிலத்தை இயந்திரம் வைத்துச் சமப்படுத்தியபோது பிடுங்கப்பட்ட கற்களை விற்கிறவர் தன் பத்திர அளவுக்குத் தோதாகத் திரும்ப நட்டிருந்தார். முழு மனையும் மூன்றடி தள்ளி நின்றது. அன்றிலிருந்து நான் கல்லிலிருந்து அளப்பதில்லை. சாலை முனையோ பழைய கிணறோ, மனைக்கு வெளியே நகராத ஒன்றிலிருந்து அளந்து கல்லைச் சோதிக்கிறேன். உங்கள் முன்பக்கக் கற்களையும் தெருமுனையிலிருந்து ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பாதைக்கு வருகிறேன். பத்திரத்தில் 23 அடி என்றிருக்கிறது. தரையில் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. எதிர்வீட்டுப் படிக்கட்டு, சாக்கடை மூடி, கார் ஏறும் சரிவு இவையெல்லாம் போக மிச்சத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். உங்கள் மனைக்கு எதிரே மட்டும் அளந்தால் போதாது. தார்ச்சாலையிலிருந்து உங்கள் மனை வரை நடந்து, மிகக் குறுகலான இடத்தை அளக்க வேண்டும். வீடு கட்டப் போகிறவருக்கு அந்த இடம்தான் சாலை அகலம். செங்கல் லாரியும் ஆழ்துளைக் கிணறு போடும் லாரியும் அந்த இடத்தைத் தாண்டுமா என்பதைத்தான் அவர் பார்ப்பார். கட்டட அனுமதியும் சாலை அகலத்தைப் பொறுத்தது.

அதைவிட முக்கியம், அந்தப் பாதை யாருடையது என்பது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்திருப்பார்கள். உங்களுடையது போன்ற மனைப்பிரிவில் பாதையாக விட்ட நிலம் இன்றும் மனைப்பிரிவு போட்டவர் பெயரிலேயே பட்டாவில் இருக்கக்கூடும். பஞ்சாயத்து அங்கே சிமெண்ட் சாலையும் தெருவிளக்கும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது ஓரளவு நம்பிக்கை தரும், உரிமை ஆகாது. மனைப்பிரிவு தார்ச்சாலையைத் தொடும் கடைசித் துண்டைத் தனியாகக் கவனியுங்கள். புலப்படத்தில் அது வண்டிப்பாதை என்று காட்டப்பட்டிருந்தால் நிம்மதி. யாரோ ஒருவருடைய பட்டா நிலத்தின் வழியாகப் போனால், வாங்குகிறவரின் வழக்கறிஞர் அங்கேதான் கை வைப்பார். அந்த நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்து, பதில் தயாராக வைத்துக்கொண்ட பிறகு விளம்பரம் கொடுங்கள்.

அங்கீகாரம். இந்த இடத்தில் விற்கிறவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் பயந்துபோய் 'இதைப் பதிவே செய்ய முடியாது' என்று பாதி விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று துணிந்து எழுதுகிறார்கள். இரண்டும் சரியல்ல. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவது நிறுத்தப்பட்டது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 20.10.2016 முதல் அதைச் சட்டமாக்கியது. ஆனால் அதே பிரிவு, ஏற்கெனவே வீட்டுமனை என்று பதிவான மனையை மறுபடி விற்கப் பதியலாம் என்கிறது. உங்கள் பத்திரம் 2008. அதில் 'காலி வீட்டுமனை' என்று எழுதியிருக்கிறதா, வெறும் 'நிலம்' என்று இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். மனை என்று இருந்தால் அதே மனையாக, முழுசாக விற்கலாம். பாதியாக வெட்டி இரண்டு பேருக்கு விற்க நினைத்தால் அந்தச் சலுகை கிடைக்காது.

பதியலாம் என்பதால் கட்டலாம் என்று ஆகிவிடாது. வரன்முறை செய்யாத மனைக்குக் கட்டட அனுமதி கிடைக்காது. வங்கியும் பொதுவாகக் கடன் தராது. ஆகவே உங்கள் மனையை வாங்க வருகிறவர் கடன் வாங்காமல் முழுப் பணத்தையும் தானே போடக்கூடியவராக இருக்க வேண்டும். வாங்குகிறவர் கூட்டம் சுருங்குவதுதான் விலை குறைவதற்குக் காரணம். மண்ணில் ஒரு குறையும் இல்லை. 2017-இல் வந்த வரன்முறை விதிகளின்படி இது இரண்டு படியாக நடக்கிறது: முதலில் மனைப்பிரிவு முழுவதற்கும் கொள்கை அளவில் ஒரு ஒப்புதல், பிறகு தனித்தனி மனைக்கு வரன்முறை உத்தரவு. உங்கள் தெருவில் அண்மையில் அனுமதியோடு வீடு கட்டியவரிடம் போய்க் கேளுங்கள். அவர் வரன்முறை வாங்கியிருந்தால் முதல் படி முடிந்துவிட்டது என்று பொருள். அவர் உத்தரவு நகலை வாங்கிக்கொண்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உங்கள் மனைக்கும் கட்டணம் கட்டும் வழியைக் கேட்கலாம். அப்படியானால், விற்பதற்கு முன்பே வரன்முறை செய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. முதல் படியே நடக்கவில்லை என்றால் ஆறு மாதத்தில் அதை நீங்கள் தனியாக நடத்திவிட முடியாது. இருக்கிற நிலையிலேயே விலை சொல்லுங்கள்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' பற்றி: பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள வரைபடம் உங்களிடம் இருக்கலாம். அந்தக் காலத்தில் எல்லாரும் கொடுத்தார்கள். நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண் அதில் இல்லையென்றால் அது அங்கீகாரம் அல்ல. வரைபடத்தைக் காட்டலாம், அந்தச் சொல்லை எழுதக்கூடாது.

இனி விலை. 1,200 என்று சொன்னவர் பக்கத்தில் உள்ள அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவின் விலையை எடுத்து 2,400-ஆல் பெருக்கியிருக்கிறார்: 28 லட்சத்து 80 ஆயிரம். அவரிடம் மனை மாதக்கணக்கில் கிடக்கும். பிறகு 'சந்தை சரியில்லை' என்று உங்களை இறக்குவார். 700 என்றவர் 16 லட்சத்து 80 ஆயிரத்துக்கு அவரே ஒரு ஆளை வைத்திருக்கக்கூடும். இரண்டு எண்ணையும் ஒதுக்கிவிடுங்கள். வழிகாட்டி மதிப்பையும் விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது முத்திரைத் தீர்வை கணக்கிடுவதற்கான தளம், tnreginet.gov.in-இல் பார்த்துக்கொள்ளலாம்.

நாம் தொடங்க வேண்டியது அந்த 900-இலிருந்து. அதே மனைப்பிரிவு, அதே பாதை, அதே அங்கீகாரக் குறை. ஆகவே அவற்றுக்காக மறுபடி கழிக்கத் தேவையில்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 900-இல் ஏற்கெனவே கழிந்துபோன குறையைச் சொல்லி வாங்குகிறவர் இன்னொரு முறை கழிக்கப் பார்ப்பார். முதலில் அந்த 900 உண்மையா என்று உறுதி செய்யுங்கள். பத்திரத்தில் போட்ட தொகை பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருக்கும். ஆகவே வில்லங்கச் சான்றை மட்டும் நம்ப வேண்டாம், விற்றவரை நேரில் கேளுங்கள். அந்த மனை எத்தனை சதுரடி என்றும் கேளுங்கள். அது 1,200 சதுரடி மனையாக இருந்தால் சதுரடி விலை சற்றுக் கூடத்தான் போகும். மொத்தத் தொகை சின்னது என்பதால் வாங்க முடிகிறவர்கள் அதிகம்.

900 நிற்கிறது என்று வைத்துக்கொண்டு, சாய்வுக்கு மட்டும் கழிப்போம். செவ்வகத்துக்கு வெளியே நிற்கும் முக்கோணங்கள் வீணல்ல. கார் நிறுத்தம், தோட்டம், கழிவுத்தொட்டி எல்லாம் அங்கே போகும். வீட்டைத் திருப்பியும் கட்டலாம். இப்படிப்பட்ட மனைக்கு நான் 8 முதல் 12 விழுக்காடு வரை குறைப்பேன். நடுவில் 10 என்று கொண்டால் சதுரடி 810. அதை 2,400-ஆல் பெருக்காதீர்கள், 2,331-ஆல் பெருக்குங்கள்: சுமார் 18 லட்சத்து 88 ஆயிரம். சொல்லும் விலை 19½ லட்சம், இறங்கும் எல்லை 18½ லட்சம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அளவையில் மனை சாய்வு இல்லை, சுவர்தான் உள்ளே வந்திருக்கிறது என்று தெரிந்து, மேற்கு மனைக்காரர் அதை விட்டுக்கொடுத்துவிட்டால் கணக்கு மாறும்: 2,395 சதுரடி, சதுரடி 900, ஏறக்குறைய 21½ லட்சம். இரண்டு விலைக்கும் இடையே உள்ள இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட தொகைதான் அந்தச் சுவரின் விலை. பட்டா, உட்பிரிவு, அளவை எல்லாவற்றுக்கும் ஆகும் செலவு இதில் சிறு துண்டுதான்.

எல்லைக் குழப்பத்துக்கு நான் விழுக்காடு போடாததைக் கவனித்திருப்பீர்கள். வடிவத்தை மாற்ற முடியாது, அதற்கு விலையில் கழிக்கலாம். எல்லையைத் தெளிவாக்க முடியும். முடிகிற ஒன்றை முடிக்காமல் விலையில் கழித்தால், வாங்குகிறவர் தன் பயத்துக்கும் சேர்த்துக் கழிப்பார். அது உண்மையான செலவைப்போலப் பல மடங்கு இருக்கும். ஆகவே உட்பிரிவு முடியும் வரை, இரண்டு மூன்று மாதம் ஆனாலும், விளம்பரத்தை நிறுத்தி வையுங்கள்.

முடிந்த பிறகு விளம்பரம் கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

"திருச்சி புறநகர், (ஊர் பெயர்). வடக்குப் பார்த்த காலி வீட்டுமனை. பத்திரப்படி 2,400 சதுரடி. தற்போதைய அளவைப்படி 2,331 சதுரடி. வடபுறம் 36, தென்புறம் 44, கீழ்புறம் 60, மேல்புறம் 60 அடி. வடகிழக்கு – தென்மேற்கு மூலைவிட்டம் 64 அடி. மனை பின்புறம் கிழக்கே சாய்ந்தது. முன் பாதை பத்திரப்படி 23 அடி, தரையில் (அளந்த அளவு). தார்ச்சாலையிலிருந்து (இத்தனை) மீட்டர். 2008-இல் மனையாகப் பதிவானது. நகர் ஊரமைப்புத் துறை அங்கீகாரம் இல்லை, வரன்முறை செய்யப்படவில்லை. தனிப்பட்டா, உட்பிரிவு உண்டு. நான்கு மூலையிலும் அளவைக்கல் உண்டு. சதுரடி 835 ரூபாய், அளந்த பரப்புக்கு."

'பஸ் நிலையத்திலிருந்து 5 நிமிடம்' போன்றவற்றைச் சேர்க்காதீர்கள். யாருடைய ஐந்து நிமிடம் என்று யாருக்கும் தெரியாது. புல எண், பட்டா எண், பத்திர நகல் ஆகியவற்றைப் பொதுவில் போடாதீர்கள். நேரில் வந்து மனையைப் பார்த்து, தன் பெயரையும் சொல்கிறவருக்கு மட்டும் காட்டுங்கள். காலிமனையின் ஆவணங்கள் தெரியாதவர் கையில் சுற்றுவது நல்லதல்ல. படம் எடுக்கும்போது ஒவ்வொரு மூலைக்கல்லையும் டேப்போடு சேர்த்து எடுங்கள். மழை பெய்த மறுநாள் ஒரு படம் எடுத்து வையுங்கள். தண்ணீர் நிற்கிறதா என்று கேட்காத ஆளே இல்லை.

கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் பழைய 2,400-ஐ அப்படியே நீக்கிவிட்டு 2,331 என்று மட்டும் எழுத வேண்டாம். பழைய பத்திரத்தோடு பொருந்தாமல் போனால், இது அதே மனைதானா என்று பதிவு அலுவலகத்தில் கேள்வி வரும். இரண்டையும் எழுதி, அளவைப்படம் இணைப்பில் இருக்கிறது என்று சேர்ப்பதே வழி. வாங்குகிறவர் 'வழிகாட்டி மதிப்புக்குப் பதியலாம், மீதியை ரொக்கமாகத் தருகிறேன்' என்றால் மறுத்துவிடுங்கள். நிலம் விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கிய உங்கள் தலையில்தான் விழும்.

முன்பணம் வாங்கும்போது மொத்த விலையை ஒப்பந்தத்தில் எழுதாதீர்கள். சதுரடி விலையை எழுதி, பதிவுக்கு முன் இரு தரப்பும் கூட இருந்து மூலைவிட்டத்தோடு அளக்கும் பரப்பு எதுவோ அதற்கு அந்த விலை என்று ஒரு வரி சேருங்கள். அந்த அளவைக்கு உங்கள் தம்பி மகனையும் அழைத்துப் போங்கள்.